நீண்ட பஸ், ரயில் பயணத்துக்குப் பிறகு இடுப்பு பிடித்துக்கொள்கிறதா? சுங்கை சிப்புட் மக்கள் அதிகம் கேட்கும் கேள்விகள்

நான் சுங்கை சிப்புட்டில் பிசியோதெரபி வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பலர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். பிள்ளைகள் ஜொகூர் பாருவிலும் கோலாலம்பூரிலும் இருப்பதால், வருஷம் முழுக்க யாராவது ஒருவர் பஸ்ஸிலோ ரயிலிலோ போய் வந்துகொண்டே இருக்கிறார்கள். பொங்கல், தைப்பூசம், தீபாவளி முடிந்த வாரங்களில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் கூடுதலாக இருப்பார்கள். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

ஈப்போவுல ராத்திரி பஸ் ஏறி காலையில ஜொகூர்ல இறங்கினா இடுப்பு நிமிரவே மாட்டேங்குது. எலும்பு தேஞ்சு போச்சா அக்கா?

பெரும்பாலும் இல்லை. தேய்மானம் ஒரு ராத்திரியில் வருவதில்லை, பத்து நிமிடம் நடந்தால் குறைந்தும் போவதில்லை. நடக்க நடக்க உங்கள் பிடிப்பு தளர்கிறது என்றால், அது ஒரே நிலையில் நெடுநேரம் இருந்ததால் வந்த விறைப்பு.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நிற்கும்போது கீழ்முதுகில் உள்பக்கமாக ஒரு சின்ன வளைவு இருக்கும். உட்காரும்போது தொடை மேலே வருவதால் இடுப்பெலும்பு பின்பக்கமாக உருண்டு, அந்த வளைவு தட்டையாகிறது. தூக்கம் வந்து, பின்புறம் சீட்டில் முன்னே நழுவ ஆரம்பித்ததும் கீழ்முதுகு வெளிப்பக்கமாகவே வளைந்துவிடும். அதாவது மணிக்கணக்காகக் குனிந்தபடியே இருக்கிறீர்கள், குனிந்திருப்பது உங்களுக்குத் தெரியாமலே.

அப்போது முதுகெலும்புகளைப் பின்னாலிருந்து இணைத்துப் பிடிக்கும் நார்கள், இழுத்து மாட்டி வைத்த ரப்பர் வளையம் போல மெல்ல நீண்டுவிடும். எழுந்த உடனே அவை பழைய நீளத்துக்கு வருவதில்லை. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 20 நிமிடம் நன்றாகக் குனிந்து உட்கார்ந்தவர்களின் முதுகு, எழுந்து 2 நிமிடத்தில் பாதி அளவுக்குத்தான் பழைய இறுக்கத்தைப் பெற்றது. அரை மணி நேரம் கழித்தும் கொஞ்சம் தளர்வு மிச்சம் இருந்தது. 20 நிமிடத்துக்கே அப்படி என்றால், 7 மணி நேரப் பயணத்துக்குப் பிறகு முதுகுக்குக் கொஞ்சம் அவகாசம் தேவை என்பது புரியும். நார் தளர்ந்திருக்கும் நேரத்தில் சுற்றியுள்ள தசைகள் முதுகைக் காக்க இறுகிக்கொள்ளும். நீங்கள் உணரும் பிடிப்பில் பெரும்பங்கு அதுதான்.

தோட்டத்துல நாள் முழுக்க வெயில்ல குலை வெட்டினப்ப வராத வலி, சும்மா உட்கார்ந்து வந்தா எப்படி வரும்?

சும்மா உட்கார்ந்திருப்பதுதான் காரணம். செம்பனைக் குலை வெட்டுபவர் அண்ணாந்து பார்ப்பார், நடப்பார், குனிவார், நிமிர்வார். கனமான வேலைதான், அதற்கென்று வேறு காயங்களும் உண்டு. ஆனால் பாரம் ஒரே இடத்தில் தேங்கி நிற்பதில்லை.

பெரியவர்களின் முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் டிஸ்க்குகளுக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. அக்கம்பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வருவதை வைத்துத்தான் அவை பிழைக்கின்றன. பாரம் ஏறி இறங்கும்போது நீர் உள்ளே வெளியே போய்வரும், அது அவற்றுக்கு நல்லது. பஸ்ஸில் பாரம் ஏறியது ஏறியபடியே, அதுவும் முன்பக்க ஓரத்தில் அதிகமாக, மணிக்கணக்கில் நிற்கிறது.

இதோடு அதிர்வும் சேரும். உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பு நொடிக்கு 4 முதல் 6 முறை வரும் அதிர்வுக்குத்தான் அதிகமாகக் குலுங்கும். பெரிய வண்டிகள் கொடுக்கும் அதிர்வில் அந்த அளவும் உண்டு. முதுகுத் தசைகள் அதற்கு ஈடுகொடுத்துக்கொண்டே இருப்பதால், ஒன்றும் செய்யாமலே களைத்துப் போகும்.

நிறைய சொன்னா மறந்துடுவேன். சீட்டுலயே செய்ய ஒரே ஒரு அசைவு சொல்லுங்க.

சரி, இடுப்பெலும்பை முன்னும் பின்னும் உருட்டுவது. மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். விறைப்பு எங்கே தொடங்குகிறதோ அங்கேயே இது கைவைக்கிறது.

முதலில் வீட்டில், மெத்தை இல்லாத நாற்காலியில் பழகுங்கள். இரண்டு கைகளையும் பின்புறத்துக்கு அடியில் வைத்தால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்பு முடிச்சுகள் கையில் தட்டுப்படும். நாம் உட்காருவது அவற்றின் மேல்தான். கையை எடுத்துவிட்டு, அந்த முடிச்சுகளின் மேலேயே முன்பக்கமாக உருளுங்கள். தொப்புள் கொஞ்சம் முன்னே போகும், கீழ்முதுகில் சின்னப் பள்ளம் விழும். இரண்டு மூன்று நொடி நிறுத்துங்கள். பிறகு பின்பக்கமாக உருளுங்கள், பள்ளம் மறைந்து முதுகு தட்டையாகும். அங்கே நிற்க வேண்டாம், உடனே மறுபடி முன்னே வாருங்கள். நிதானமாக 10 முறை. கடைசியில் நடுவிலிருந்து கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்த நிலையில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் செய்யும்போது பின்புறத்தை சீட்டின் மூலை வரை தள்ளி உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் பதியுங்கள். பெல்ட் போட்டபடியே செய்யலாம். பெல்ட் பொருத்திய எக்ஸ்பிரஸ் பஸ்களில் 2025 ஜூலை 1 முதல் பயணிகளும் கட்டாயம் பெல்ட் போட வேண்டும் என்பதால், நான் சொல்லும் எதற்கும் பெல்ட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

சரியாகச் செய்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள, ஒரு புறங்கையைக் கீழ்முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் வையுங்கள். முன்னே உருளும்போது இடைவெளி திறக்க வேண்டும், பின்னே உருளும்போது கை லேசாக நசுங்க வேண்டும். பலர் இதை நெஞ்சால் செய்கிறார்கள். நெஞ்சைத் தூக்கி, தோளைப் பின்னால் இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். அப்போது அசைவது நடுமுதுகு, கீழ்முதுகு அப்படியே கிடக்கும். பக்கத்து சீட்டுக்காரருக்கு நீங்கள் அசைவதே தெரியக்கூடாது. அந்த அளவுக்குச் சின்ன அசைவு இது. வலிக்கும் வரை வளைக்காதீர்கள், அதற்குக் கொஞ்சம் முன்பே திரும்பிவிடுங்கள்.

எத்தனை நேரத்துக்கு ஒரு தடவை செய்யணும்? ராத்திரி பஸ்ல தூங்கணுமே?

விழித்திருக்கும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் அரை மணிக்கு ஒருமுறை. ஒரு நிமிட வேலைதான். பயணத்தின் முடிவில் வலி வந்த பிறகு ஐம்பது முறை செய்வதைவிட, வலி வருவதற்கு முன் பத்துப் பத்தாகச் செய்வது பல மடங்கு பயன் தரும். நார் நீண்ட பிறகு அதை நம்மால் தள்ளிச் சுருக்க முடியாது, நேரம்தான் சுருக்கும். நம்மால் முடிவது அதிகம் நீளாமல் தடுப்பதுதான்.

இதற்காக அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டாம். தூக்கம் முக்கியம், தூக்கம் கெட்டால் வலி இன்னும் கூடுதலாகத் தெரியும். கண் மூடும் முன் ஒருமுறை, தானாக விழிப்பு வரும்போதெல்லாம் ஒருமுறை, ஊர் நெருங்கும்போது இறங்குவதற்கு 15 நிமிடம் முன்பு கட்டாயம் ஒருமுறை. இந்தக் கடைசித் தடவையை மட்டும் விடாதீர்கள்.

வேற என்ன அசைவு சேர்த்துக்கலாம்?

மூன்று போதும். முதலாவது, ஒரு பக்கப் பின்புறத்தைச் சீட்டிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கி இறக்குவது, பிறகு மறுபக்கம். பக்கத்துக்கு 8 முறை. இடுப்பின் பக்கத் தசைகள் வேலை செய்யும், ஒரே இடத்தில் அழுந்திய சதைக்கும் இரத்தம் போகும்.

இரண்டாவது, கைப்பிடியில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி உடல் பாரத்தைக் கொஞ்சம் கைக்கு மாற்றுவது. உடம்பைத் தூக்க வேண்டாம், பின்புறம் லேசாக உணர்ந்தால் போதும். 5 நொடி வைத்து விடுங்கள், 5 முறை. தோள்பட்டை வலி உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம்.

மூன்றாவது முதுகுக்கு அல்ல, காலுக்கு. குதிகாலைத் தூக்கி, இறக்கி, பிறகு முன்பாதத்தைத் தூக்குவது. மணிக்கு ஒருமுறை 20, 30 தடவை. ஏன் என்று கீழே காலைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

சீட்டுல உட்கார்ந்தே குனிஞ்சு காலைத் தொட்டா நல்லா இழுக்குது, சுகமா இருக்கு. செய்யலாமா?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்பேன். சுகமாக இருப்பது உண்மை, ஆனால் அது சில நிமிடங்களுக்குத்தான். ஏற்கெனவே மணிக்கணக்காகக் குனிந்து நீண்டுபோன நாரை இன்னும் நீட்டுகிறீர்கள். அதேபோல, உட்கார்ந்தபடியே உடம்பை முறுக்கி, பின் சீட்டில் இருக்கும் பையை எட்டி எடுப்பதும் கூடாது. குனிவும் திருகலும் ஒன்றுசேரும்போதுதான் டிஸ்க்கின் ஓரத்துக்கு அதிகச் சுமை. திரும்ப வேண்டுமென்றால், முதலில் இடுப்பெலும்பை முன்னே உருட்டி முதுகை நிமிர்த்திக்கொண்டு, அப்புறம் கொஞ்சமாகத் திரும்புங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

எங்க பாட்டிக்கு உட்கார்ந்தா ஒண்ணும் இல்ல. நின்னு நடந்தாதான் இடுப்பும் காலும் வலிக்குது, குனிஞ்சா சரியாகுது. இதுக்கும் இதேதானா?

அவர்களுக்கு வேறு மாதிரி. வயதானவர்களில் சிலருக்கு முதுகெலும்பின் நடுவே நரம்பு போகும் வழி குறுகியிருக்கும். நிமிர்ந்தால் அந்த வழி இன்னும் நெருங்கும், குனிந்தால் கொஞ்சம் திறக்கும். கடையில் டிராலியைப் பிடித்துக் குனிந்தபடி நடந்தால் எவ்வளவு தூரமும் போவார்கள், கையை விட்டு நிமிர்ந்து நடந்தால் கொஞ்ச தூரத்தில் கால் கனத்துவிடும். உங்கள் பாட்டி அப்படி என்றால், பின்னால் வளையும் அசைவுகள் அவர்களுக்கு வேண்டாம். இடுப்பை உருட்டும் அசைவில் பின்பக்கம் உருளும் பாதியை மட்டும் மெதுவாகச் செய்யலாம். முன்னால் கொஞ்சம் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றி ஓய்வெடுப்பதும் அவர்களுக்கு இதம். அரசாங்க கிளினிக்கில் ஒருமுறை காட்டி, அதுதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதுகுக்குத் தலகாணி வைக்கணுமா? சீட்டை எவ்வளவு சாய்க்கிறது?

தலகாணி வேண்டாம், பெரிதாக இருக்கும். ஒரு கைலியோ குளிக்கும் டவலோ போதும். அதைச் சுருட்டி, அழுத்தினால் நாலைந்து சென்டிமீட்டர் தடிமன் நிற்குமாறு செய்து, இடுப்புப் பட்டை கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வையுங்கள். பலர் நடுமுதுகில் வைத்துவிடுகிறார்கள். அது இடுப்பெலும்பைப் பின்னால் உருளவிட்டு மேலுடம்பை மட்டும் முன்னே தள்ளும், இருந்ததைவிட மோசம். வைத்த சுருட்டு சரியென்றால் கொஞ்ச நேரத்தில் அது இருப்பதே மறந்துபோகும். உறுத்தினால் தடிமனைக் குறையுங்கள்.

சாய்மானம் 110 முதல் 120 பாகை வரை, அதாவது நேராக இருப்பதிலிருந்து கொஞ்சம் பின்னே போனால் போதும். அந்தக் கோணத்தில் முதுகுக்கு ஆதரவும் இருந்தால் டிஸ்க்கின் மேல் அழுத்தம் நன்றாகக் குறைகிறது. சீட்டை முழுக்கச் சாய்த்துவிட்டு, பின்புறம் முன்னே நழுவிக் கிடந்தால் அந்தப் பயன் போய்விடும். ஒரு வரிசையில் மூன்றே சீட் உள்ள அகலமான பஸ்களில் குள்ளமானவர்களுக்கு இது அதிகம் நடக்கும். சீட் ஆழமாக இருப்பதால், முதுகு சாய்மானத்தைத் தொடும் முன்பே முழங்கால் மடங்கும் இடம் சீட்டின் முனையில் இடித்து நின்றுவிடும். பாதம் தரையில் படாதவர்கள் காலுக்கு அடியில் ஒரு பையை வைத்துக்கொள்ளுங்கள். கால் தொங்கினால் உடம்பு முன்னே நழுவி, இடுப்பெலும்பு பின்னே உருளும்.

ஆண்களுக்கு ஒன்று. பின் பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை ஏறும்போதே எடுத்துவிடுங்கள். இடுப்பு ஒருபக்கம் சாய்வதோடு, காலுக்குப் போகும் நரம்பும் அதன்மேல் அழுந்தும்.

எந்த சீட் நல்லது? ரயிலா பஸ்ஸா?

பஸ்ஸில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் உள்ள வரிசைகள். கடைசி வரிசை பின் சக்கரத்தையும் தாண்டி இருப்பதால் ஒவ்வொரு குழியிலும் தூக்கிப் போடும். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தால் ஒரு காலை அவ்வப்போது நீட்டிக்கொள்ளலாம்.

கோலாலம்பூருக்கு என்றால் ரயில்தான் என் தேர்வு. இங்கிருந்து இ.டி.எஸ் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரம், குலுக்கல் குறைவு, எழுந்து நடக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை கழிவறை வரை போய் வந்தாலே முதுகுக்குப் பாதி வேலை முடிந்தது. ரயிலில் போய் முதுகு பிடித்தது என்று வருபவர்களிடம் விசாரித்தால், பெரும்பாலும் எழுந்திருக்காமல் போனில் படம் பார்த்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

எங்கப்பாவுக்கு 62 வயசு. போன தடவை லார்க்கின்ல இறங்கி பையைத் தூக்கினதும் இடுப்பு வெட்டுன மாதிரி பிடிச்சு ஒரு வாரம் படுத்துட்டார். மறுபடி போகணும். என்ன செய்யச் சொல்றது?

இந்த ஐயாவை நேரில் பார்த்தேன், அவர் அனுமதியோடு விவரமாக எழுதுகிறேன். பல வருஷம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். காலில் மரமரப்பு இல்லை, பலம் குறையவில்லை, காய்ச்சலோ எடைக்குறைவோ இல்லை. ராத்திரி 10 மணி வாக்கில் ஈப்போ அமான்ஜெயாவில் ஏறியிருக்கிறார். கடைசிக்கு முந்திய வரிசை. சீட்டை முழுக்கச் சாய்த்துத் தூங்கிவிட்டார். வழியில் பஸ் நின்றபோதும் இறங்கவில்லை. விடியும் முன் லார்க்கினில் இறங்கியதும் மற்றவர்கள் அவசரப்படுத்த, பஸ்ஸின் வயிற்றுக்குள் குனிந்து, தேங்காயும் மரவள்ளிக்கிழங்கும் முறுக்கு டின்னும் அடைத்த பையை ஒரே இழுப்பாக இழுத்துத் திருப்பித் தூக்கியிருக்கிறார். 15 கிலோவுக்கு மேல் இருந்திருக்கும்.

தோட்டத்தில் இதைவிடக் கனமான குலையைத் தூக்கியவர் என்பதால் அவருக்கு இது பாரமாகத் தோன்றவே இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் அவர் முதுகின் நார்கள் இரவெல்லாம் நீண்டு தளர்ந்திருந்தன. தசைகள் தூக்கக் கலக்கத்தில் தாமதமாக வேலை செய்தன. குனிவு, திருகல், பாரம் மூன்றும் ஒரே நொடியில் சேர்ந்தன. உட்கார்ந்தது அவரைப் படுக்க வைக்கவில்லை, உட்கார்ந்த உடனே தூக்கியதுதான் படுக்க வைத்தது.

அடுத்த பயணத்துக்கு நாங்கள் வைத்த ஏற்பாடு இதுதான். சாமான் இரண்டு பையாகப் பிரிந்தது. ஒன்று சக்கரம் வைத்த பெட்டி, மற்றது தோளில் மாட்டும் சின்னப் பை. சீட் நடு வரிசையில், நடைபாதை ஓரம். இடுப்புக்குக் கைலிச் சுருட்டு. ஏறியதிலிருந்து தூக்கம் வரும் வரை இடுப்பை உருட்டுவது, 20 நிமிடத்துக்குப் பத்து.

பாகோவோ மாச்சாப்போ, பஸ் நிற்கும் இடத்தில் கட்டாயம் இறங்க வேண்டும் என்று சொன்னேன். கழிவறைக்கு நடந்து போய் வந்து, பஸ்ஸின் பக்கத்தில் நின்று, இரண்டு உள்ளங்கையையும் இடுப்பின் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல் மெதுவாகப் பின்னே வளைந்து திரும்புவது, 5 அல்லது 6 முறை. முதல் இரண்டு தடவை விறைப்பாகத்தான் இருக்கும், அதற்குள் பயந்து நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் எளிதானால் சரியான வழியில் போகிறோம். வலி கூடிக்கொண்டே போனாலோ, காலுக்குள் இறங்கினாலோ நிறுத்த வேண்டும்.

இறங்கும் இடத்தில்தான் மிக முக்கியமான மாற்றம். இறங்கியதும் பெட்டியைத் தொடக்கூடாது. டிரைவரிடமோ உதவியாளரிடமோ எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும், பின் வளைவு சில முறை, அப்புறம்தான் பெட்டியை உருட்டிக்கொண்டு போவது. எடுத்துத் தர ஆள் இல்லையென்றால், கடைசி ஆளாக எடுக்கலாம். ஒரு காலை முன்வைத்து, முழங்காலை மடக்கி, பையை முதலில் உடம்போடு ஒட்ட இழுத்து, தூக்கிய பிறகு பாதத்தைத் திருப்பித் திரும்ப வேண்டும். வீட்டுக்குப் போனதும் முதல் ஒரு மணி நேரம் வாளியும் அரிசி மூட்டையும் யாரும் அவரிடம் கொடுக்கக்கூடாது என்று மகளிடமே போனில் சொல்லிவிட்டேன்.

போய் வந்தார். காலையில் விறைப்பு இருந்தது, நடந்ததும் போய்விட்டது என்றார். அவர் வயதில் இரவு பஸ்ஸில் போனால் அந்த அளவு விறைப்பு வரத்தான் செய்யும், அதை முழுக்க ஒழிக்க முடியாது.

தண்ணி குடிச்சா பஸ் நடுவுல நிக்காதேன்னு எங்கம்மா குடிக்கவே மாட்டாங்க. அதுக்கும் இடுப்பு வலிக்கும் சம்பந்தம் உண்டா?

சிறுநீரை அடக்கி வைத்தாலே அடிவயிறும் இடுப்பும் இறுகும். தண்ணீரே குடிக்காமல் அடிக்கடி இப்படிப் பயணம் செய்பவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் கல்லும் வர வாய்ப்பு கூடும். அந்த வலியும் முதுகில்தான் தெரியும். ஒருபக்க விலாவுக்குக் கீழே, அலை அலையாக, எந்தப் பக்கம் அசைந்தாலும் மாறாத வலி என்றால் அது பயணப் பிடிப்பு அல்ல. கூடவே காய்ச்சல், சிறுநீரில் எரிச்சல் அல்லது இரத்தம் இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், ஒரே மூச்சாகக் குடிக்காமல் மடக்கு மடக்காகக் குடித்தால் அவசரம் குறைவாக இருக்கும். கழிவறைக்கு இறங்குவது முதுகுக்கும் நல்லது.

பயணம் முடிஞ்சு ஒரு கால் மட்டும் வீங்குது. இதுவும் உட்கார்ந்ததுனாலயா?

இரண்டு கணுக்காலும் ஒரே மாதிரி லேசாக வீங்கி, காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் வற்றிவிட்டால் கவலையில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலின் ஆழமான இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், கார் எல்லாவற்றிலும் இதே நிலைதான். சாதாரண ஆரோக்கியமானவருக்கு மொத்த வாய்ப்பு மிகச் சிறியது. சமீபத்தில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், முன்பு இப்படி இரத்தம் உறைந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அந்தக் காலை எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடாதீர்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் 999க்குக் கூப்பிடுங்கள்.

எந்த மாதிரி இடுப்பு வலிக்கு வீட்டுல உட்காரக்கூடாது?

சிறுநீர் வரவில்லை, அல்லது தெரியாமல் போகிறது, மலம் கட்டுப்படவில்லை, தொடை நடுவிலும் பின்புறத்திலும் மரத்துப் போகிறது, இரண்டு காலும் பலம் குறைகிறது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே, அந்த மணி நேரத்திலேயே, அவசரப் பிரிவு. நரம்புக் கற்றை அழுந்தியிருந்தால் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம். காலை வரட்டும் என்று இருக்காதீர்கள்.

முழங்காலுக்குக் கீழே இறங்கும் வலி, முன்பாதத்தைத் தூக்க முடியாமை, காய்ச்சலோடு வரும் முதுகு வலி, படுத்தாலும் குறையாமல் இரவில் எழுப்பும் வலி, காரணமில்லாத எடைக்குறைவு, கீழே விழுந்த பிறகோ பஸ் பெரிய பள்ளத்தில் இறங்கிய பிறகோ வயதானவருக்கு வந்த வலி, இவற்றைச் சீட் அசைவுகளால் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

நான் ஏழு மாச கர்ப்பிணி. இதெல்லாம் செய்யலாமா?

இடுப்பை உருட்டுவதும் குதிகால் அசைவும் செய்யலாம், கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே இதம். நின்று பின்னால் வளைவது வேண்டாம், நடந்தால் போதும். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், தொடையோடு ஒட்டி இருக்க வேண்டும். நீண்ட பயணத்துக்கு முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கோயோ ஒட்டினா, இடுப்பு பெல்ட் கட்டினா போதாதா?

கோயோ ஒட்டலாம், சூடு தரும், தசை கொஞ்சம் இளகும். தோல் சிவந்து அரித்தால் எடுத்துவிடுங்கள். ஒட்டிய இடத்தில் வெந்நீர்ப் பையும் வைத்தால் தோல் வெந்துவிடும், இரண்டில் ஒன்றுதான். இடுப்பு பெல்ட்டை இறங்கிச் சாமான் எடுக்கும் நேரத்துக்குக் கட்டிக்கொள்வதில் தவறில்லை. பயணம் முழுக்க இறுக்கிக் கட்டினால் இடுப்பை உருட்டவே முடியாது, நான் மேலே சொன்ன எல்லாம் வீணாகும்.

பிடிச்சிடுச்சு. எத்தனை நாள்ல சரியாகும்? படுத்தே இருக்கணுமா?

வெறும் விறைப்பு அன்றைக்கோ மறுநாளோ போய்விடும். தூக்கும்போது சுளுக்கியது என்றால் முதல் இரண்டு மூன்று நாள் வலி கூடுதல், பிறகு பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் நன்றாகக் குறையும். படுத்தே கிடக்காதீர்கள், அதனால் குணமாவது தள்ளித்தான் போகும். வலி தாங்கும் அளவுக்கு வீட்டுக்குள்ளேயே அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள். படுக்கும்போது பக்கவாட்டில் படுத்து, முழங்காலுக்கு நடுவில் ஒரு தலகாணி வையுங்கள். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் கிளினிக்குக்கு வாருங்கள். வலியோடு ஊர் திரும்ப வேண்டியிருந்தால், முடிந்தால் ஒரு நாள் தள்ளிப் போட்டு, பகல் பஸ்ஸில் வாருங்கள். பகலில் விழித்திருப்பீர்கள், அசைவுகளைச் செய்துகொண்டே வரலாம்.